உப்பிப்போன ஃபோன் பேட்டரி: கடைசியா ஒரு தடவை சார்ஜ் போடலாமா?

கேள்வி

சார், என் பழைய ஃபோன் வாங்கி நாலு வருஷம் ஆச்சு. கடைசி ரெண்டு வருஷமா அதை வீட்டுக்குள்ள கேமரா மாதிரி யூஸ் பண்ணிட்டு ஷெல்ஃப்ல சார்ஜர்லயே போட்டு வச்சிருந்தேன். போன வாரம் பாத்தா பின்பக்க மூடி ஒரு பக்கம் தூக்கிட்டு நிக்குது, ஸ்க்ரீன் ஓரத்துலயும் லேசா இடைவெளி. சார்ஜரை கழட்டிட்டேன். ஃபோன் இன்னும் நல்லாதான் ஓடுது, 38% காட்டுது. எங்க அப்பாவோட கடைசி வருஷ ஃபோட்டோ, வீடியோ எல்லாம் அதுலதான் இருக்கு, வேற எங்கயும் காப்பி இல்ல. ஒரே ஒரு தடவை ஃபுல் சார்ஜ் போட்டு, லேப்டாப்ல கேபிள் சொருகி எல்லாத்தையும் எடுத்துட்டு குப்பைல போட்டுடலாம்னு இருந்தேன். தம்பி ஊசியால ஓட்டை போட்டா காத்து இறங்கிடும்ங்கறான், இன்னொருத்தர் ஃப்ரீசர்ல வைங்கன்றார். அடுத்த வாரம் ஃப்ளைட்ல போறேன், போற இடத்துல கம்பெனி சர்வீஸ் சென்டர் இருக்கு, கூடவே எடுத்துட்டு போய் குடுத்துடலாமா? வீட்ல ரெண்டு சின்ன பசங்க வேற. இன்னொரு பழைய ஃபோனும் டிராயர்ல செத்து கிடக்கு.

பதில்

வணக்கம் சகோதரி. சார்ஜரை கழட்டினது ரொம்ப சரி, அதை மறுபடி சொருகாதீங்க. நீங்க இவ்ளோ யோசிக்கறதே அந்த ஃபோட்டோக்களுக்காகதான்னு புரியுது, அதனால அதை முதல்ல சொல்லிடறேன். ஃபோட்டோ எதுவும் பேட்டரில இல்ல. அது மதர்போர்டுல இருக்கற மெமரி சிப்ல இருக்கு. பேட்டரிய கழட்டி தூக்கி போட்டு வேற பேட்டரி மாட்டினா ஃபோன் பழையபடி ஆன் ஆகும், எல்லா படமும் அப்படியே இருக்கும். பேட்டரி போனா ஃபோட்டோவும் போயிடும்ங்கற பயத்துலதான் நிறைய பேர் "கடைசியா ஒரு சார்ஜ்"னு போறாங்க, நான் பேட்டரி டெஸ்டிங் லேப்ல வேலை பார்த்த வருஷங்கள்ல எங்ககிட்ட வந்த எரிஞ்ச ஃபோன்கள்ல பாதிக்கு பின்னாடி இப்படி ஒரு "கடைசி" இருந்துச்சு.

உள்ள இருக்கறது காத்து இல்ல

தம்பி "காத்து"ன்னு சொல்றாரு பாருங்க, அங்கதான் தப்பே ஆரம்பிக்குது. ஃபோன் பேட்டரிங்கறது அலுமினிய ஃபாயில் கவர்ல அடைச்ச ஒரு சுருள். ஒரு செப்பு தகடு மேல கிராஃபைட் பூசியிருக்கும், ஒரு அலுமினிய தகடு மேல கோபால்ட் ஆக்சைடு மாதிரி ஒண்ணு பூசியிருக்கும், ரெண்டுக்கும் நடுவுல தலைமுடிய விட மெல்லிசான ஒரு பிளாஸ்டிக் ஷீட், அதுக்கு பேர் செபரேட்டர். இந்த மொத்தத்தையும் நனைச்சு ஒரு திரவம் இருக்கும், எலக்ட்ரோலைட். இது தண்ணி மாதிரி இல்ல, பெயின்ட் தின்னர் மாதிரி தீப்பிடிக்கற கரைப்பான்.

பேட்டரிய 100 சதவீதத்துலயே மாசக்கணக்குல பிடிச்சு வச்சா, அதுவும் சூடா வச்சா, இந்த எலக்ட்ரோலைட் கொஞ்சம் கொஞ்சமா சிதைஞ்சு வாயுவா மாறும். கார்பன் டை ஆக்சைடு, கார்பன் மோனாக்சைடு, எத்திலீன், மீத்தேன், ஹைட்ரஜன்னு ஒரு கலவை. முதல் ஒண்ணை தவிர எல்லாமே எரியக்கூடியது. ஷெல்ஃப்ல கேமராவா ரெண்டு வருஷம் ஓடினதுல உங்க ஃபோனுக்கு நடந்தது இதுதான், கேமரா ஆப் ஓடிட்டே இருக்கறதால ஃபோன் எப்பவும் வெதுவெதுப்பா இருக்கும், சார்ஜரும் எப்பவும் இருக்கறதால வோல்டேஜ் எப்பவும் உச்சத்துல இருக்கும், பேட்டரிக்கு இத விட மோசமான வேலை கிடையாது. நீங்க எதையும் கீழ போட்டு உடைச்சிருக்கணும்னு அவசியமே இல்ல.

ஒரு விஷயம் நேர்மையா சொல்லணும். உப்பின பேட்டரி எல்லாமே வெடிக்கும்னு இல்ல, பெரும்பாலானது வெடிக்காம சும்மா உப்பிட்டே கிடக்கும். அந்த ஃபாயில் கவர் கிழியாம வாயுவ உள்ளயே பிடிச்சு வச்சிருக்குன்னா அது தன் வேலைய இன்னும் செஞ்சிட்டிருக்குன்னு அர்த்தம். அதனால ராத்திரி தூங்காம உக்காந்து அதையே பாத்துட்டிருக்க வேணாம். ஆனா ஆரோக்கியமான பேட்டரி ஒரு அடி, ஒரு அழுத்தம், ஒரு ஓவர் சார்ஜை தாங்கறதுக்கு ஒரு இடைவெளி விட்டு டிசைன் பண்ணியிருப்பாங்க, உங்க பேட்டரில அந்த இடைவெளி தீந்து போச்சு. இனிமே நீங்க அதுக்கு என்ன பண்றீங்கங்கறதுதான் எல்லாத்தையும் தீர்மானிக்கும்.

ஏன் அந்த ஒரு சார்ஜ் கூட வேணாம்

சுருள்ல அடுக்கு எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி இருந்தாதான் சார்ஜ் சமமா பரவும். வாயு உள்ள புகுந்து அடுக்குகள விலக்கிட்டா, ஒட்டி இருக்கற இடத்துல மட்டும் கரன்ட் குவியும். குவியற இடத்துல லித்தியம் கிராஃபைட்டுக்குள்ள போக முடியாம மேலயே உலோகமா படியும், சில நேரம் ஊசி மாதிரி வளரும். அந்த ஊசி செபரேட்டர குத்திட்டா உள்ளயே ஷார்ட் சர்க்யூட். இது நடக்கறது சார்ஜ் ஏறும்போது, சும்மா கிடக்கும்போது இல்ல.

உள்ள ஷார்ட் ஆன இடம் சூடாகும், சுமார் 130 டிகிரி தாண்டினா செபரேட்டர் பிளாஸ்டிக் உருக ஆரம்பிக்கும், உருகினா ஷார்ட் இன்னும் பெருசாகும், இன்னும் சூடு ஏறினா கோபால்ட் ஆக்சைடே ஆக்சிஜன விட ஆரம்பிச்சிடும். அதாவது எரியற பொருள், சூடு, ஆக்சிஜன் மூணும் ஒரே கவருக்குள்ள. போர்வை போட்டு மூடி காத்தை நிறுத்தினாலும் அது நிக்காததுக்கு காரணம் இதுதான். இந்த சங்கிலிக்கு தெர்மல் ரன்அவேன்னு பேர், ஆரம்பிச்சா சில செகண்டுல முடிஞ்சிடும்.

இன்னொரு கணக்கும் பாருங்க. சாதாரணமா 4000 எம்ஏஹெச், 3.85 வோல்ட் பேட்டரி ஃபுல்லா இருந்தா 15.4 வாட் ஹவர், ஜூல்ல சொன்னா கிட்டத்தட்ட 55,000. சாதாரண தண்ணிய கொதி நிலைக்கு கொண்டு போகணும்னா, ஏறக்குறைய முக்கால் டம்ளர் தண்ணிக்கு இந்த சக்தி போதும். அவ்ளோதானான்னு தோணும், ஆனா அது சில செகண்டுல ஒரு தீப்பெட்டி அளவு இடத்துல வெளிய வருது, அதுக்கு மேல எலக்ட்ரோலைட் எரியற சூடு தனி. 38 சதவீதத்துல இந்த மின்சக்தி பாதிக்கும் கீழ, தவிர சார்ஜ் கம்மியா இருக்கும்போது உள்ள இருக்கற ரசாயனமும் கொஞ்சம் சாதுவா நடந்துக்கும். லேப்ல ஆணி அடிக்கற டெஸ்ட் ஒண்ணு உண்டு, தடுப்புக்கு பின்னாடி நின்னு பேட்டரிக்குள்ள ஆணிய இறக்குவோம். ஃபுல் சார்ஜ்ல இருக்கறது உஸ்ஸுனு வெள்ளை புகை விட்டு அடுத்த மூச்சுல நெருப்பா மாறிடும், கிட்டத்தட்ட காலியானது பல தடவை வெறுமனே சூடாகி ஓய்ஞ்சிடும். அதனாலதான் நல்ல பேட்டரிகளயே தனியா விமானத்துல அனுப்பும்போது 30 சதவீதத்துக்கு மேல சார்ஜ் இருக்க கூடாதுன்னு விதி வச்சிருக்காங்க. உங்க 38ஐ 100 ஆக்கறது, இருக்கற அபாயத்தை நீங்களே கை பிடிச்சு மேல ஏத்தி விடற மாதிரி.

ஊசி, ஃப்ரீசர், டேப்

ஊசி போட்டா என்ன ஆகும்னு தம்பிக்கு இப்ப புரிஞ்சிருக்கும். கவர் மட்டும் ஓட்டையாகி அதோட நிக்கறதுக்கு கவருக்கும் சுருளுக்கும் நடுவுல எவ்ளோ இடம் இருக்குன்னு வெளிய இருந்து யாருக்கும் தெரியாது, ஊசி நேரா அடுக்குக்குள்ள போய் ரெண்டு தகடையும் இணைச்சிடும். ஒருவேளை தப்பிச்சாலும் வெளிய வர்ற வாயு எரியக்கூடியது, கூடவே எலக்ட்ரோலைட்ல இருக்கற உப்பு காத்துல இருக்கற ஈரத்தோட சேர்ந்தா ஹைட்ரஜன் ஃப்ளூரைடு உருவாகும், அது கண்ணையும் நுரையீரலையும் அரிக்கற விஷவாயு. வாயு வெளிய போச்சுன்னா ஈரம் உள்ள போகும், சிதைவு இன்னும் வேகமா நடக்கும். டேப் ஒட்டி பழைய நிலைக்கு கொண்டு வந்த மாதிரி தெரியற வீடியோக்கள்ல அடுத்த நாள் என்ன ஆச்சுன்னு யாரும் காட்டறதில்ல.

ஃப்ரீசர் யோசனைக்கும் பலன் இல்ல. குளிர்ல வாயு கொஞ்சம் சுருங்கும், அதனால மூடி இறங்கின மாதிரி இருக்கும், வெளிய எடுத்ததும் மறுபடி தூக்கிக்கும், மேல பனித்துளி படிஞ்சு ஈரம் வேற இறங்கும். உண்டான வாயு திரும்ப திரவமாகாது, உப்பினது உப்பினதுதான். சாப்பாடு வைக்கற மூடின பெட்டிக்குள்ள இத வைக்கறது எனக்கு நினைச்சாலே ஒரு மாதிரி இருக்கு.

தூக்கின மூடிய அமுக்கி டேப் சுத்தறது, ரப்பர் பேண்ட் போடறது, மேல புக்கு வைக்கறது, பாக்கெட்ல போட்டு உக்கார்றது இதெல்லாமும் வேணாம். சின்னதா ஒரு வளைவு என்ன பண்ணும்னு உலகத்துக்கே காட்டினது தீப்பிடிச்சதால 2016ல சாம்சங் திரும்ப வாங்கின கேலக்சி நோட் 7 ஃபோன். ஒரு சப்ளையரோட பேட்டரில மூலைல நெகட்டிவ் தகடு லேசா மடங்கி இருந்ததுதான் காரணம்னு அடுத்த வருஷம் விசாரணை முடிவுல சொன்னாங்க. அது உப்பின பேட்டரி கூட இல்ல, புதுசு. உப்பின பேட்டரி மூலைய நாம கட்டைவிரலால அமுக்கினா என்ன ஆகும்னு யோசிச்சுக்கோங்க.

ஃபோட்டோவ எப்படி எடுக்கறது

ரெண்டு வழி இருக்கு, ரெண்டோட நல்லது கெட்டதையும் சொல்றேன், முடிவு நீங்க எடுங்க.

முதல் வழி, நான் என் வீட்ல இருந்தா பண்றது. ஃபோனை இப்பவே ஆஃப் பண்ணிட்டு மறுபடி ஆன் பண்ணாம, பேட்டரி மாத்தற நல்ல டெக்னீஷியன் ஒருத்தர்கிட்ட குடுக்கறது. குடுக்கறதுக்கு முன்னாடியே ஃபோன் பண்ணி "பேட்டரி உப்பியிருக்கு, நீங்க எடுப்பீங்களா"ன்னு கேளுங்க, சில பேர் மாட்டேன்னு சொல்லுவாங்க, அப்படி சொல்றவர் மேல கோவப்படாதீங்க, தெரிஞ்சுதான் சொல்றார். எடுக்கறேன்னு சொல்றவர்கிட்ட பசைய எப்படி விடுவிப்பீங்கன்னு கேளுங்க. இழுக்கற பட்டை இருந்தா அத வச்சு, இல்லன்னா ஐசோபுரோபைல் ஆல்கஹால் விட்டு பசைய இளக வச்சு, பிளாஸ்டிக் தகடால மெல்ல எடுப்பேன்னு சொன்னா நல்லது. ஹீட் கன் வச்சு சூடு காட்டி ஸ்க்ரூடிரைவரால நெம்பறவர் வேணாம். கழட்டின பழைய பேட்டரிய அவரே முறையா அகற்றணும், உங்க கைல பாலிதீன் கவர்ல போட்டு திருப்பி குடுக்க கூடாது, அதையும் முன்னாடியே பேசிடுங்க. முக்கியமா, ஃபேக்டரி ரீசெட் வேணாம்னு எழுத்துலயே சொல்லிடுங்க, பேட்டரி மாத்த ரீசெட் தேவையே இல்ல, சில இடத்துல பழக்கத்துல பண்ணிடறாங்க. "சிப்பை தனியா கழட்டி படிச்சு தரேன்"னு யாராவது சொன்னாலும் ஒத்துக்காதீங்க, நாலு வருஷ ஃபோன்ல உள்ள இருக்கறது எல்லாம் என்கிரிப்ட் ஆகி இருக்கும், அதே போர்டு ஆன் ஆகி நீங்க லாக்க திறந்தாதான் படம் தெரியும்.

ரெண்டாவது வழி, இருக்கற 38 சதவீதத்த வச்சே எடுத்துடறது. ஃபோன் சூடா இல்ல, வாசனை வரல, போன வாரத்துல இருந்து மூடி மேல மேல தூக்கல, இந்த மூணும் சரியா இருந்தா மட்டும் யோசிங்க. ஒண்ணு இடிச்சாலும் முதல் வழிதான். இதுல ஆபத்து இல்லன்னு நான் சொல்லல, ஆனா சார்ஜ் ஏத்தறத விட இறக்கறது எவ்ளவோ மேல்.

இங்க ஒரு விஷயம் பல பேருக்கு தெரியறதில்ல, லேப்டாப்ல கேபிள் சொருகறதும் சார்ஜ் போடறதுதான். அந்த யூஎஸ்பி வயர் டேட்டா மட்டும் எடுக்காது, அதே நேரத்துல ஃபோனுக்கு கரன்ட்டும் குடுக்கும், சில ஃபோன்ல அத நிறுத்த வழியே இருக்காது. அதனால கேபிள் வேணாம், வைஃபை வழியா அனுப்புங்க.

கேமரா ஆப்ப மூடுங்க. கவர் போட்டிருந்தா அமுக்காம தானா வழுக்கி வந்தா கழட்டுங்க, இழுக்க வேண்டியிருந்தா விட்டுடுங்க. வெறும் தரைல, டைல்ஸ் மேலயோ சிமெண்ட் மேலயோ வைங்க, சுத்தி ஒரு மீட்டருக்கு துணி, பேப்பர், திரைச்சீலை எதுவும் இருக்க கூடாது, ஜன்னல் திறந்து இருக்கட்டும், பசங்க வேற ரூம்ல இருக்கட்டும். மெத்தை மேலயும் சோஃபா மேலயும் மட்டும் வைக்காதீங்க. ஸ்க்ரீன் வெளிச்சத்த குறைச்சிட்டு, முதல்ல அப்பாவோட படங்கள மட்டும் தேர்ந்தெடுத்து அனுப்புங்க, மத்ததெல்லாம் அப்புறம். 20 ஜிபி இருக்குன்னு வைங்க, செகண்டுக்கு 5 எம்பி வேகத்துல போனா ஒரு மணி நேரத்துக்கு கொஞ்சம் மேல ஆகும், வைஃபைல அனுப்பற ஃபோன் ஒரு ரெண்டு வாட் எடுத்தா மொத்தம் ரெண்டு வாட் ஹவருக்கு சொச்சம்தான் செலவு. 38 சதவீதம்ங்கறது கணக்குப்படி ஆறு வாட் ஹவருக்கு கொஞ்சம் கம்மி, அதனால போதும். ஆனா இவ்ளோ பழசான பேட்டரில இந்த சதவீதத்த முழுசா நம்ப முடியாது, 25ல இருந்து திடீர்னு ஆஃப் ஆனாலும் ஆகும். அப்படி ஆஃப் ஆனா அவ்ளோதான், "பாதில நிக்குதே"ன்னு சார்ஜர தேடாதீங்க, மீதிய முதல் வழில எடுத்துக்கலாம்.

அனுப்பிட்டிருக்கும்போது பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை புறங்கைய கிட்ட கொண்டு போய் பாருங்க. லேசா வெதுவெதுப்பா இருந்தா சரி. கை வைக்க யோசிக்கற அளவுக்கு சூடுன்னா நிறுத்திடுங்க. எல்லாம் முடிஞ்சதும் ஆஃப் பண்ணிடுங்க. சீக்கிரம் காலியாகட்டும்னு டார்ச்ச போட்டு விடறது, கேம் ஓட விடறது இதெல்லாம் பண்ணாதீங்க, அது வெறும் சூடு.

குடுக்கற வரைக்கும் எங்க வைக்கறது

பேட்டரி பசை போட்டு உள்ள ஒட்டின மாதிரி ஃபோன்னா அத பிரிக்க முயற்சி பண்ணாம ஃபோனோட அப்படியே வைங்க. ஒரு தகர டப்பாவோ மண்சட்டியோ எடுத்து, அடில ரெண்டு மூணு விரக்கடை காய்ஞ்ச மணல் போட்டு, ஃபோன் வச்சு, மேலயும் சுத்தியும் மணல் தூவுங்க, அமுக்கி நிரப்ப வேணாம். மணல் ஈரமா இருக்க கூடாது. மூடி போடறதா இருந்தா இறுக்கி மூடாதீங்க, இதுதான் ரொம்ப பேர் பண்ற தப்பு, காத்து புகாத டப்பாவுக்குள்ள வாயு வெளியேறினா டப்பாவே வெடிகுண்டாயிடும். சும்மா மேல சாய்ச்சு வச்சா போதும். வெயில் படாத, மழை படாத, பசங்க கை எட்டாத இடம், வீட்டுக்கு வெளியன்னா இன்னும் நல்லது. வாசக்கதவுக்கு பக்கத்துல வேணாம், ஏதாவது ஆனா நீங்க வெளிய ஓட வேண்டிய வழி அது. நிறுத்தி வச்ச காருக்குள்ளயும் வேணாம், வெயில்ல அது அடுப்பு.

ஒருவேளை உங்க ஃபோன் பின்மூடி கையாலயே கழட்டி பேட்டரிய எடுக்கற மாதிரி பழைய மாடல்னா, சிரமமே இல்லாம வந்தா எடுங்க, இறுகி இருந்தா விட்டுடுங்க. எடுத்தா அந்த தங்க நிற கான்டாக்ட் மேல இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டிட்டு அதே மணல்ல வைங்க.

நெயில் பாலிஷ் ரிமூவர் மாதிரி இனிப்பான ஒரு வாசனை வந்தா எலக்ட்ரோலைட் கசியுதுன்னு அர்த்தம். அந்த ஈரத்த வெறும் கையால தொடாதீங்க, பட்டுட்டா நிறைய ஓடற தண்ணில கால் மணி நேரம் கழுவுங்க, கண்ல பட்டா கழுவிட்டு உடனே டாக்டர்கிட்ட போங்க, பேட்டரி திரவம்னு சொல்லுங்க. உஸ்ஸுனு சத்தமோ பட்டுன்னு ஒரு வெடிப்போ கேட்டு வெள்ளை புகை வந்தா அது வெறும் புகை இல்ல, தீப்பிடிக்கற ஆவி, விஷமும் கூட. ஃபோனை கைல எடுத்து வெளிய வீசணும்னு தோணும், எடுக்காதீங்க. பசங்கள கூட்டிட்டு வெளிய வந்து கதவ சாத்திட்டு ஃபயர் சர்வீஸ கூப்பிடுங்க.

லித்தியம்னா தண்ணி ஊத்தவே கூடாதுன்னு ஒரு நம்பிக்கை இருக்கு, அது வேற வகை பேட்டரிக்கு. ஃபோன் பேட்டரில உலோக லித்தியம் மிகக் கம்மி, இங்க தேவைப்படறது குளிர்ச்சி, அதுக்கு நிறைய தண்ணிய விட நல்லது வேற இல்ல. விமான ஊழியர்களுக்கும் இப்படித்தான் பயிற்சி, தண்ணி ஊத்து, ஐஸ் போட்டு மூடாதேன்னு, ஐஸ் மூடினா சூடு உள்ளயே தங்கிடும். சார்ஜர்ல இல்லாத ஒத்த ஃபோன், புகை உங்க முகத்துக்கு வராத தூரம், பின்னாடி ஓட வழி, இவ்ளவும் இருந்தா பக்கெட் தண்ணிய ஊத்தலாம், இல்லன்னா வேணாம், ஃபோன் போனா போகட்டும். அணைஞ்ச மாதிரி இருந்து மறுபடி பத்திக்கறது இதோட குணம், அதனால அன்னிக்கு முழுக்க கிட்ட போகாம இருங்க.

ஃப்ளைட், குப்பை, கலெக்‌ஷன் பாயின்ட்

ஃப்ளைட்ல வேணவே வேணாம். கைப்பைலயும் இல்ல, செக்கின் பெட்டிலயும் இல்ல. சேதமான, உப்பின லித்தியம் பேட்டரிய விமானத்துல ஏத்தறதுக்கு தடை இருக்கு, ஆஃப் பண்ணி வச்சிருந்தாலும் அதே தடைதான். தெரியாம பண்ணினா கூட இறங்கற இடத்துல விசாரணைக்கு நீங்கதான் பதில் சொல்லணும். சாதாரண தபால், கூரியர்லயும் போட கூடாது, உப்பின பேட்டரிய அனுப்ப தனி பெட்டி, தனி அனுமதி எல்லாம் வேணும், கம்பெனியே பெட்டி அனுப்பி வாங்கிக்கற ஏற்பாடு இருந்தா மட்டும் சரி. அதனால சர்வீஸ் சென்டர்னா நீங்க இப்ப இருக்கற இடத்துலயே இருக்கறத பாருங்க, இல்லன்னா ஊருக்கு போறதுக்கு முன்னாடியே குடுத்து முடிச்சிடுங்க. பூட்டின வீட்டுக்குள்ள மணல்ல வச்சுட்டு போறது எனக்கு பிடிக்கல, பாக்க ஆள் இல்ல.

குப்பைத்தொட்டியும் வேணாம். பேட்டரிமேல குறுக்கால கோடு போட்ட குப்பைத்தொட்டி படம் இருக்கும், அது இதுக்குதான். குப்பை லாரில ஒரு பலகை வந்து எல்லாத்தையும் அமுக்கும், நான் மேல சொன்ன கட்டைவிரல் அங்க பல டன் எடை. லாரியும் குப்பை தரம் பிரிக்கற இடமும் தீப்பிடிக்கறதுக்கு இது ஒரு முக்கிய காரணம், அங்க வேலை பாக்கறவங்க கண்ணு முன்னாடிதான் அந்த தீ பத்தும்.

பழைய பேட்டரிய போடற டப்பா கடைகள்ல வச்சிருப்பாங்க, அதுலயும் நீங்களா போட்டுட்டு வந்துடாதீங்க, அது நல்ல நிலைல இருக்கற பேட்டரிக்கு. ஒரு உப்பினது நடுவுல இருந்தா அந்த டப்பால இருக்கற மத்ததும் சேர்ந்து எரியும். ஈ-வேஸ்ட் சேகரிக்கற இடத்துக்கோ ஃபோன் கம்பெனி சேவை மையத்துக்கோ முதல்ல கூப்பிட்டு "உப்பினது"ங்கற வார்த்தைய சொல்லி, வாங்கிப்பாங்களான்னு கேட்டு, ஆள் கைல குடுங்க. பல நாடுகள்ல தயாரிச்ச கம்பெனியே பழைய பேட்டரிய திரும்ப வாங்கிக்கணும்னு சட்டம் இருக்கு, அதனால தயங்காம கேளுங்க, அது உங்க உரிமை. நாலு வருஷம் ஆனதால வாரண்டி முடிஞ்சிருக்கும், ஆனாலும் உங்க மாடலுக்கு பேட்டரி ரீகால் ஏதாவது அறிவிச்சிருக்காங்களான்னு கம்பெனி சைட்ல ஒரு தடவை பாத்துடுங்க. எடுத்துட்டு போகும்போது அதே மணல் டப்பா, வண்டில ஜன்னல் திறந்து, மடில வேணாம், நேரா அங்க போயிட்டு வாங்க, வழில கடைக்கு போற வேலை எல்லாம் அப்புறம்.

டிராயர்ல கிடக்கற இன்னொண்ணு

இத நீங்க கடைசி வரில சும்மா சொல்லிட்டீங்க, எனக்கு இதுவும் பக்குன்னு இருந்துச்சு. நீண்ட நாள் கிடந்து செத்த ஃபோன் அப்பாவி மாதிரி இருக்கும், ஆனா வோல்டேஜ் ரொம்ப கீழ இறங்கிட்டா உள்ள இருக்கற செப்பு தகடு கொஞ்சம் கொஞ்சமா கரையும், மறுபடி சார்ஜ் போடும்போது அந்த செப்பு இஷ்டப்பட்ட இடத்துல படிஞ்சு ஷார்ட்டுக்கு வழி பண்ணும். சும்மா கிடக்கற வரைக்கும் அதுல சக்தி இல்ல, பிரச்சனை சார்ஜர் சொருகற நொடிலதான். பசங்க எடுத்து "ஆன் ஆகுதா பாப்போம்"னு சொருகறதுக்கு முன்னாடி அத எடுத்து தட்டையான மேஜை மேல வச்சு, பக்கவாட்டுல கண்ணை கீழ இறக்கி பாருங்க. மூடி உப்பலா இருக்கா, மேஜைல வச்சு லேசா விரலால திருப்பினா பம்பரம் மாதிரி சுத்துதா, ஸ்க்ரீன் ஓரத்துல வெளிச்சம் ஊடுருவுதா. ஒண்ணு இருந்தாலும் அதுவும் மணல் டப்பாவுக்குதான், ஆனா ரெண்டையும் ஒரே டப்பால வைக்காதீங்க. உப்பல் இல்லன்னாலும் சார்ஜ் போடாம, சேகரிப்பு மையத்துக்கு போகும்போது இதையும் சேத்து எடுத்துட்டு போயிடுங்க.

புது பேட்டரி போட்ட பிறகு அந்த ஃபோனையே மறுபடி கேமராவா வைக்கறதா இருந்தா, சார்ஜ் 80 சதவீதத்துல நிக்கற மாதிரி செட்டிங்ஸ்ல இருக்கான்னு பாருங்க, இல்லன்னா சார்ஜருக்கு ஒரு டைமர் போட்டு ஒரு நாளைக்கு ரெண்டு மூணு மணி நேரம் மட்டும் ஓட விடுங்க. மாசத்துக்கு ஒரு தடவை ஷெல்ஃப்ல இருந்து எடுத்து பக்கவாட்டுல பாருங்க.